எட்டு வரியா, இரண்டா, ஒன்றா? ஊத்தான் மெலிந்தாங் தோட்டங்களுக்கு எந்தப் பாதைத் தொகுப்பு சரி

ஊத்தான் மெலிந்தாங் பக்கம் ஒரு செம்பனைத் தோட்டக் குழுமத்தின் நெட்வொர்க்கை நான் பார்த்துக்கொள்கிறேன். கடைத்தெருவில் வட்டார அலுவலகம். அங்கிருந்து ஆலைக்கு ஃபைபர் போகிறது, மற்ற டிவிஷன்களுக்குக் கோபுரத்திலிருந்து வயர்லெஸ். ஆகமொத்தம் எட்டு இடம். ஒவ்வொன்றுக்கும் ஒரு /24, அதாவது 256 முகவரி. 10.44.20.0-இல் தொடங்கி 10.44.27.0 வரை நடுவில் ஓட்டை விழாமல் வரிசையாகக் கொடுத்திருக்கிறது. அலுவலகம் 20, ஆலை 21, மீதி டிவிஷன்களும் கிளினிக்கும்.

இந்த எட்டையும் கோலாலம்பூர் தலைமையகத்துக்குத் தெரிவிப்பது பிஜிபி, ரூட்டர்கள் ஒன்றுக்கொன்று பாதைகளைச் சொல்லிக்கொள்ளும் மொழி. நடுவில் சேவை நிறுவனம் ஒன்றின் தனியார் நெட்வொர்க் இருக்கிறது. அவர்கள் ஒவ்வொரு ஊர் இணைப்புக்கும் ஒரு வரம்பு போட்டிருக்கிறார்கள்: பத்துப் பாதைக்கு மேல் அறிவித்தால் இணைப்பையே வெட்டிவிடுவார்கள். எட்டு இடங்களின் பாதை, ரூட்டர்களை நிர்வகிக்க ஒன்று, கோபுரக் கேமராக்களுக்கு ஒன்று, ஆகப் பத்து ஏற்கெனவே நிரம்பிவிட்டது. இப்போது ஒன்பதாவதாக ஒரு டிவிஷன் சேர்கிறது. பதினோராவது பாதையை அறிவித்த நொடியில் புது டிவிஷன் மட்டும் இல்லை, ஊர் மொத்தமும் தலைமையகத்திலிருந்து அறுந்துபோகும். சிஸ்கோ வகை ரூட்டர்களில் இந்த வரம்பைத் தாண்டினால், தானாகத் திரும்ப எழும்படி நேரம் குறித்து வைக்காத வரை, மறுமுனையில் ஒருவர் கையால் விடுவிக்கும்வரை இணைப்பு செத்தே கிடக்கும். முன்னெச்சரிக்கையும் அவர்கள் ரூட்டரின் பதிவில்தான் விழும், நம் கண்ணில் படாது.

ஆகவே எதையாவது சுருக்கித்தான் ஆக வேண்டும். எதிரே நான்கு வழி இருக்கிறது: எட்டையும் அப்படியே விட்டு வரம்பை ஏற்றச் சொல்வது, இரண்டு /22 ஆக்குவது, ஒரே /20 ஆக்குவது, எல்லா முகவரியையும் மாற்றி ஒழுங்கான ஒரே தொகுதிக்குக் குடிபெயர்வது.

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன், ஏனென்றால் இதைக் கேட்கும் முக்கால்வாசிப் பேர் முதலில் சொல்வது "எட்டு நெட்வொர்க்தானே அண்ணே, வரிசையாகத்தானே இருக்கிறது, ஒரே /21 போட்டால் முடிந்தது" என்பதுதான். முடியாது. எட்டு /24 சேர்ந்தால் ஒரு /21 என்பது உண்மை, ஆனால் அது எந்த எண்ணிலும் தொடங்கிவிட முடியாது. மூன்றாவது எண்ணைப் பிட்டுகளாக எழுதிப் பாருங்கள்:

```
20   000101 00
21   000101 01
22   000101 10
23   000101 11
24   000110 00
25   000110 01
26   000110 10
27   000110 11
```

முதல் நான்குக்கும் முன்னால் உள்ள ஆறு பிட் ஒன்றே: 000101. அடுத்த நான்குக்கு 000110. முதல் இரண்டு எண்களின் 16 பிட்டோடு இந்த ஆறையும் கூட்டினால் 22. அதனால் 10.44.20.0/22, 10.44.24.0/22 என்று இரண்டு தொகுப்பு கச்சிதமாக விழுகிறது. எட்டுக்கும் பொதுவாக முன்னால் இருப்பது 0001 என்ற நான்கு பிட் மட்டுமே, அதாவது /20. நடுவில் /21 என்று ஒரு படியே இல்லை. மனக்கணக்காகச் சொன்னால், நான்கு கொண்ட தொகுதி நான்கால் வகுபடும் எண்ணில் தொடங்க வேண்டும், எட்டு கொண்டது எட்டால் வகுபடும் எண்ணில். 20 எட்டால் வகுபடாது. எண்கள் அடுத்தடுத்து இருந்தால் போதாது, தொடக்கமும் அதன் எல்லைக்கோட்டில் விழுந்தாக வேண்டும்.

பிடிவாதமாக 10.44.20.0/21 என்று அடித்தால் என்ன ஆகும்? அது பெட்டியைப் பொறுத்தது. லினக்ஸ் `Invalid prefix for given prefix length` என்று மறுத்துவிடும். சிஸ்கோவில் நிலையான பாதையாகப் போட்டால் `Inconsistent address and mask` என்று சொல்லும். இவை நல்ல பெட்டிகள். சத்தமில்லாமல் 20-ஐ 16 ஆக இறக்கி, 10.44.16.0/21 என்று எடுத்துக்கொள்ளும் பெட்டிகளும் உண்டு. அப்போது 16 முதல் 23 வரை நம்முடையது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, உண்மையிலேயே நம்முடைய 24, 25, 26, 27-ஐ விட்டுவிடுவோம். பாதி ஊர் வேலை செய்யும், பாதி செய்யாது. காரணத்தைக் கேபிளில் தேடிக்கொண்டிருப்போம்.

இப்படி எந்த பிட்டில் வேண்டுமானாலும் கோடு கிழிக்கலாம் என்ற உரிமையே 1993-இல் வந்ததுதான். அதற்கு முன் ஏ, பி, சி என்று வகுப்புகள்: முகவரியின் முதல் சில பிட்டைப் பார்த்தே அதன் அளவு முடிவாகும். சி என்றால் 256 முகவரி, பி என்றால் 65,536, நடுவில் எதுவும் கிடையாது. முந்நூறு கணினி வைத்திருந்த நிறுவனம் சி போதாமல் பி கேட்டது. பி தீர ஆரம்பித்ததும் பல சி-க்களைக் கொடுத்தார்கள், அப்போது ஒவ்வொரு சி-யும் உலகத்தின் எல்லா ரூட்டரிலும் தனித்தனி வரியாக ஏறியது. ஆர்எஃப்சி 1519 இந்த இரண்டு கஷ்டத்துக்கும் சேர்த்து மருந்து சொன்னது: முகவரியோடு அதன் நீளத்தையும் எழுதிக் கொடு, அடுத்தடுத்த தொகுதிகளை ஒரே வரியாகச் சுருக்கு. அந்த நீளத்தைச் சுமந்து செல்லப் பழைய பிஜிபி 3-ஆல் முடியாது, அதனால்தான் பிஜிபி 4 வந்தது. இன்றைக்கும் நம்மூரில் /24-ஐ "கிளாஸ் சி" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். 10-இல் தொடங்கும் முகவரி பழைய கணக்குப்படி ஏ வகுப்பு, அதனால் 10.44.20.0/24-ஐ அப்படிச் சொல்வது அந்தக் கணக்கிலும் தப்பு. போகட்டும்.

சரி, முதல் வழி. எட்டையும் அப்படியே விட்டுவிட்டு, சேவை நிறுவனத்திடம் பத்தை இருபதாக ஏற்றித் தரச் சொல்வது. இதை ஏளனமாகப் பார்க்க வேண்டியதில்லை. இன்றைய ரூட்டருக்கு எட்டு வரியும் ஒரு வரியும் ஒன்றுதான், நினைவகம், வேகம் என்றெல்லாம் காரணம் சொல்வது சும்மா. தனித்தனியாக விடுவதில் பெரிய லாபம் ஒன்று இருக்கிறது: தலைமையகத்துக்கு ஒவ்வொரு டிவிஷனின் நாடியும் தெரியும். 25 அறுந்தால் 25-இன் வரி உடனே மறையும், மாற்றுப்பாதை இருந்தால் அதற்குத் தாவும். கஷ்டம் என்னவென்றால் மழைக்காலம். மாலையில் இடி இறங்கும்போது கோபுரத்து வயர்லெஸ் எழுந்து விழுந்து எழும். ஒவ்வொரு விழுதலும் ஒரு வாபஸ், ஒவ்வொரு எழுதலும் ஒரு அறிவிப்பு, அது தலைமையகத்தோடு நிற்காமல் குழுமத்தின் மற்ற ஊர்களுக்கும் போகும். வரம்பை ஏற்றுவதும் தள்ளிப்போடும் வேலைதான், தோட்டம் வாங்கும் முதலாளி இருபதோடு நிறுத்திக்கொள்வார் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆனாலும் நாளைக்கே ஒன்பதாவது டிவிஷன் திறக்க வேண்டும், யோசிக்க நேரம் இல்லை என்றால், இந்த வழியில் எதுவும் உடையாது. அவசரத்துக்கு இது.

மூன்றாவது வழியை இரண்டாவதற்கு முன் சொல்கிறேன், ஏனென்றால் இதுதான் பார்க்க அழகு. 10.44.16.0/20 என்று ஒரே வரி, எட்டும் அதற்குள் அடக்கம். ஆனால் /20-க்குள் இருப்பது பதினாறு நெட்வொர்க், 16 முதல் 31 வரை. 16, 17, 18, 19 நான்கும் பீடோர் பக்கத்துத் தோட்டங்களுடையவை. 28 முதல் 31 வரை சுங்கை பக்கம் கொடுத்தாகிவிட்டது. நமக்குச் சொந்தமில்லாத எட்டையும் சேர்த்து "என்னிடம் அனுப்பு" என்று அறிவிக்கிறோம்.

இதில் வேடிக்கை என்னவென்றால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது. சுங்கைக்காரர்கள் தங்கள் 10.44.29.0/24-ஐத் தனியாக அறிவித்துக்கொண்டிருக்கிறார்கள், ரூட்டர் எப்போதும் பொருந்துவதில் மிக நீளமான பிரிஃபிக்ஸைத்தான் தேர்ந்தெடுக்கும், /24 நம் /20-ஐ விட நீளம், அதனால் அவர்கள் போக்குவரத்து அவர்களுக்கே போகிறது. எல்லோரும் நிம்மதியாக இருப்பார்கள், சுங்கையின் இணைப்பு ஒரு நாள் அறுகிற வரைக்கும். அறுந்ததும் /24 மறைகிறது. அடுத்துப் பொருந்துவது நம் /20. தலைமையகம் 10.44.29.10-க்கான பாக்கெட்டுகளை ஊத்தான் மெலிந்தாங்குக்கு அனுப்புகிறது. நம் ரூட்டரில் 29 இல்லை. தெரியாத எல்லாவற்றையும் தலைமையகத்துக்கு அனுப்பு என்ற இயல்புப் பாதை மட்டும் இருக்கிறது. அது திருப்பி அனுப்புகிறது, நடுவில் உள்ள சேவை நிறுவனத்தின் ரூட்டர் அதே /20-ஐப் பார்த்து மறுபடி நமக்கே அனுப்புகிறது. டிடிஎல், அதாவது ஒவ்வொரு ரூட்டரிலும் ஒன்று குறையும் ஆயுள் எண், தீரும்வரை ஒவ்வொரு பாக்கெட்டும் நம் இணைப்பில் போய் வந்து போய் வந்து அலையும். சுங்கையில் பழுது, நெரிசல் நம் ஊரில்.

இதைக் கண்டுபிடிப்பது சுலபம். `traceroute 10.44.29.10` அடித்தால் ஒரு கட்டத்துக்கு மேல் இரண்டே முகவரி மாறி மாறி வரும், முப்பதாவது வரி வரைக்கும். பிங் அடித்தால் டிடிஎல் தீர்ந்துவிட்டது என்று பதில் வரும். அந்த இரண்டு முகவரியில் ஒன்று சம்பந்தமே இல்லாத ஊரின் ரூட்டர் என்றால், அந்த ஊர் தன் அளவுக்கு மேல் அறிவித்திருக்கிறது என்று எடுத்துக்கொள்ளலாம்.

சுழற்சிக்கு மருந்து உண்டு. தொகுப்பை அறிவிக்கும் ரூட்டரிலேயே அதே தொகுப்புக்கு ஒரு குப்பைப் பாதை இருக்க வேண்டும்: தெரிந்த /24 எதிலும் பொருந்தாமல் /20-இல் மட்டும் பொருந்துவதைக் கீழே போடு, இயல்புப் பாதைக்கு விடாதே என்று. சிஸ்கோவின் பிஜிபியில் `aggregate-address` போட்டால் Null0 என்ற குப்பைத்தொட்டிக்கு இந்தப் பாதை தானாகவே வந்துவிடும். ஆனால் தலைமையகத்தில் ஒருவர் /20-ஐ நிலையான பாதையாகக் கையால் எழுதி நம் பக்கம் திருப்பிவிட்டிருந்தால் எதுவும் தானாக வராது, நாம்தான் போட வேண்டும். லினக்ஸ் பெட்டியில் இவ்வளவுதான்:

```
ip route add blackhole 10.44.16.0/20
```

குப்பைப் பாதை சுழற்சியை நிறுத்தும். சுங்கையின் பாக்கெட்டுகள் நம் வாசலுக்கு வந்து சாவதை நிறுத்தாது. இன்னொரு ஆபத்தும் இருக்கிறது: சுங்கையில் இதே வேலை பார்ப்பவரும் இதே அழகில் மயங்கி அதே 10.44.16.0/20-ஐ அறிவித்துத் தன் /24-களை அடக்கிவிட்டால், தலைமையகத்திடம் ஒரே வரிக்கு இரண்டு சொந்தக்காரர்கள். ரூட்டர் ஒருவரைத் தேர்ந்தெடுக்கும், மற்ற ஊர் இருட்டு. /20 தப்பு என்று நான் பொதுவாகச் சொல்லவில்லை. மீதி எட்டும் யாருக்கும் கொடுக்காமல் நமக்கென்று ஒதுக்கப்பட்டிருந்தால் இதுவே சிறந்த வழி, காலியாக இருப்பவை Null0-இல் விழும், யாருக்கும் நஷ்டமில்லை. பக்கத்து ஊர்க்காரர் அதற்குள் குடியிருக்கிறார் என்பதுதான் இங்கே பிரச்சினை.

நான்காவது வழி முகவரி மாற்றம். 10.44.64.0/20 இன்னும் யாருக்கும் கொடுக்கப்படவில்லை, 64 பதினாறால் வகுபடுகிறது, எட்டு இடத்தையும் அங்கே கொண்டுபோனால் இன்னும் எட்டுக்கு இடம் மிஞ்சும், வெளியே ஒரே வரி. காகிதத்தில் இதை அடிக்க முடியாது. ஆனால் முகவரி மாற்றம் என்றால் அலுவலகக் கணினிகளை நினைக்காதீர்கள், அவை தானாக வாங்கிக்கொள்ளும். ஆலைக்குப் போய்ப் பாருங்கள். குலை ஏற்றி வரும் லாரியை எடைபோடும் மேடையின் கணினி, அதோடு பேசும் எடைக்காட்டி, கொதிகலன் பலகையின் கட்டுப்பாட்டுப் பெட்டி, கேமரா பதிவுப் பெட்டிகள், டிவிஷன் தோறும் கைரேகை வைக்கும் வருகைப்பதிவு இயந்திரம். எல்லாவற்றிலும் முகவரி கையால் அடித்தது. சிலவற்றின் கடவுச்சொல் பொருத்திய ஆளோடு போய்விட்டது. எடைமேடை ஒரு மணி நேரம் நின்றால் கேட் வரைக்கும் லாரி நிற்கும், குலை வெயிலில் கிடந்தால் எண்ணெயின் தரம் இறங்கும், ஆலை மேலாளர் நம்மைத் தேடுவார். பதினொன்றைப் பத்தாக்குவதற்கு இவ்வளவு விலை கொடுக்க மாட்டேன். புதிதாக ஓர் ஊர் திறக்கும்போது முதல் நாளே பதினாறு கொண்ட தொகுதியை எல்லைக்கோட்டில் ஒதுக்கிவிடுவதுதான் இந்த வழியின் சரியான இடம்.

இரண்டாவது வழிக்கு வருகிறேன். 10.44.20.0/22, 10.44.24.0/22. எட்டு வரி இரண்டாகிறது, அடுத்தவன் முகவரி ஒன்றுகூட உள்ளே இல்லை, எந்த இயந்திரத்தையும் தொட வேண்டாம். தொகுப்பு உயிரோடு இருக்க உள்ளே ஒரு /24 இருந்தாலே பிஜிபிக்குப் போதும், அதனால் கோபுரம் மழையில் ஆடுவது வெளியே தெரியாது. அதே காரணத்தால் தலைமையகத்துக்கு 25 செத்ததும் தெரியாது. பாதை இருக்கிறதா என்று பார்த்துக் கண்காணித்தவர்கள் இனி ஒவ்வொரு டிவிஷனின் ரூட்டரையும் நேராகப் பிங் அடித்துத்தான் கண்காணிக்க வேண்டும். இதை ஒப்புக்கொண்டுதான் இந்த வழியில் இறங்க வேண்டும்.

இதோடு முடிந்திருந்தால் கட்டுரையும் முடிந்திருக்கும். ஆனால் ஆலை இருக்கிறது. ஃபைபர் அறுந்தாலும் எடைமேடை நிற்கக்கூடாது என்று ஆலைக்கு மட்டும் 4ஜி வழியாகத் தலைமையகத்துக்கு நேராக ஒரு சுரங்கப்பாதை போட்டிருக்கிறது. ஆலை ரூட்டர் அதன் வழியாகத் தன் 10.44.21.0/24-ஐ எப்போதும் அறிவிக்கிறது. எட்டும் தனித்தனியாக இருந்த காலத்தில் தலைமையகத்திடம் 21-க்கு இரண்டு /24 இருந்தன, ஃபைபர் வழி வந்ததற்கு முன்னுரிமை, 4ஜி காத்திருக்கும். இப்போது நாம் ஃபைபர் பக்கத்தை /22 ஆகச் சுருக்கி /24-ஐ அடக்கிவிட்டோம். தலைமையகம் பார்க்கிறது: ஃபைபர் வழி /22, 4ஜி வழி /24. நீளமானது ஜெயிக்கும். முன்னுரிமை, செலவு எதையும் அது கேட்காது, ஏனென்றால் அந்த ஒப்பீடெல்லாம் ஒரே நீளமுள்ள பாதைகளுக்கு நடுவில்தான் நடக்கும். நல்லா இருக்கும் ஃபைபரைச் சும்மா விட்டுவிட்டு, தலைமையகத்திலிருந்து ஆலைக்கு வரும் முழுப் போக்குவரத்தும் 4ஜியில் ஏறும்.

இதன் அறிகுறி ஏமாற்றும் வகையானது. எதுவும் அறுவதில்லை. "அண்ணே, ஆலையில மட்டும் சிஸ்டம் ஜவ்வு மாதிரி இழுக்குது, ஆனா பிங் போகுது" என்று போன் வரும். பிங் போகும், ஆனால் நேரம் ஏறி இறங்கும். ஆலையிலிருந்து தலைமையகத்துக்கு `traceroute` அடித்தால் ஃபைபர் வழி காட்டும், எதிர்ப்பக்கத்திலிருந்து அடித்தால்தான் சுரங்கப்பாதை தெரியும். மாதக் கடைசியில் 4ஜி பில் மீதியைச் சொல்லும்.

நீளமானது ஜெயிக்கும் என்ற இதே விதிதான் 2008 பிப்ரவரி 24-இல் உலகத்துக்கே யூடியூபை நிறுத்தியது. யூடியூப் 208.65.152.0/22 என்று தொகுப்பாக அறிவித்திருந்தது. பாகிஸ்தான் டெலிகாம் தன் நாட்டுக்குள் அதைத் தடுப்பதற்காகப் போட்ட 208.65.153.0/24, மேலிணைப்பு வழியாக வெளியே கசிந்தது. உலகத்து ரூட்டர்களுக்கு /22-ஐ விட /24 நீளம், சுமார் இரண்டு மணி நேரம் யூடியூபுக்குப் போக வேண்டியதெல்லாம் பாகிஸ்தானுக்குப் போனது. யூடியூபும் திருப்பிச் செய்தது அதையேதான்: முதலில் அதே /24-ஐ அறிவித்தது, பிறகு அதைவிட நீளமான இரண்டு /25.

ஆலைக்கும் அதுவே தீர்வு. இரண்டு தொகுப்பையும் வைத்துக்கொண்டு, 21-ஐ மட்டும் ஃபைபர் வழியாகவும் /24 ஆகக் கசியவிட வேண்டும்:

```
ip prefix-list MILL seq 5 permit 10.44.21.0/24
route-map MILL permit 10
 match ip address prefix-list MILL
router bgp 65021
 neighbor 172.20.5.1 unsuppress-map MILL
 aggregate-address 10.44.20.0 255.255.252.0 summary-only
 aggregate-address 10.44.24.0 255.255.252.0 summary-only
```

`summary-only` உள்ளே இருப்பவற்றை அடக்குகிறது, `unsuppress-map` அதில் ஒன்றை இந்த அண்டை ரூட்டருக்கு மட்டும் விடுவிக்கிறது. `show ip bgp` அடித்தால் அடக்கப்பட்ட வரிகளின் முன்னால் `s` என்று நிற்கும். இப்போது தலைமையகத்திடம் 21-க்கு மறுபடி இரண்டு /24, இனி முன்னுரிமை பேசும். ஆனால் தலைமையகப் பக்கம் முன்னுரிமையைக் கட்டாயம் எழுதி வைத்திருக்க வேண்டும். சுரங்கப்பாதை நேராக வருகிறது, ஃபைபர் வழி நடுவில் சேவை நிறுவனத்தின் ஏஎஸ் எண்ணையும், அதாவது பிஜிபியில் அவர்கள் நெட்வொர்க்கைக் குறிக்கும் எண்ணையும், தாண்டி வருகிறது. சும்மா விட்டால் ஏஎஸ் வரிசை குறுகலாக இருக்கும் 4ஜியே மறுபடி ஜெயிக்கும். சுரங்கப்பாதையிலிருந்து வருவதற்கு `set local-preference 50` போட்டால் இயல்பான 100-க்குக் கீழே போய்விடும், சரியாகிவிடும்.

இன்னொரு மூலையும் இருக்கிறது, பலர் பார்க்காதது. ஃபைபர் அறுந்தால் தலைமையகம் 4ஜிக்குத் தாவிவிடும், நல்லது. ஆனால் கடைத்தெரு அலுவலகத்திலிருந்து ஆலைக்குப் போக வேண்டியவை? நம் ரூட்டரிடம் 21 மறைந்துவிட்டது, மிச்சம் இருப்பது தொகுப்போடு தானாக வந்த Null0. தலைமையகத்தைச் சுற்றி 4ஜி வழியாகப் போகலாம், ஆனால் அதற்கு 21-இன் /24-ஐத் தலைமையகத்திடமிருந்து நம் ரூட்டர் திரும்பக் கற்றுக்கொள்ள வேண்டும். ஆலை ரூட்டரும் 65021 என்ற அதே எண்ணில் இருந்தால், தன் எண்ணே வரிசையில் இருப்பதைப் பார்த்து நம் ரூட்டர் அதைத் தள்ளிவிடும். ஆலைக்கு 65022 என்று தனி எண் கொடுத்தால் ஏற்றுக்கொள்ளும். இதைக் கேபிளைக் கழற்றிப் பார்த்துச் சோதிக்க வேண்டும், அதுவும் ஆலை குலை வாங்காத நேரத்தில்.

ஆக என் தேர்வு இரண்டு /22-உம் ஆலையின் /24-உம். மூன்று வரி, நிர்வாகமும் கேமராவும் சேர்த்து ஐந்து. ஒன்பதாவது டிவிஷனுக்கு 10.44.64.0/24 கொடுத்து, 10.44.64.0/21 மொத்தத்தையும் இந்த ஊருக்கென்று ஒதுக்கி அதையே தொகுப்பாக அறிவித்தால் ஆறு. அதற்குள் இன்னும் ஏழு டிவிஷன் வந்தாலும் ஆறுதான். ஆலைக்கு இரண்டாவது இணைப்பே இல்லாத ஊர் என்றால் கசியவிடும் வேலையும் வேண்டாம். டிவிஷன் தோறும் தனி 4ஜி வைத்திருக்கும் ஊர் என்றால் எல்லாவற்றையும் கசியவிட வேண்டி வரும், அப்புறம் தொகுப்பு எதற்கு? அங்கே முதல் வழியே மேல், வரம்பை ஏற்றச் சொல்லி எழுதிவிடுங்கள்.

மாற்றும்போது வரிசையைக் கவனியுங்கள். இப்போது நாம் பத்தில் நிற்கிறோம். தொகுப்பு வரி போட்டதும் ரூட்டர் பழையதை வாபஸ் வாங்குவதற்கு முன் புதியதை அறிவித்துவிட்டால், ஒரு நொடிக்குப் பன்னிரண்டு ஆகி, எந்த வரம்புக்குப் பயந்து இதைச் செய்கிறோமோ அதே வரம்பில் இணைப்பு வெட்டுப்படும். அதனால் முதலில் நிர்வாகப் பாதையையும் கேமராப் பாதையையும் நிறுத்திவிடுங்கள், எட்டாகும். பிறகு `unsuppress-map` வரி, அதன் பிறகே தொகுப்பு வரிகள். தலைகீழாகப் போட்டால் ஆலை கொஞ்ச நேரம் 4ஜிக்கு ஓடிவிட்டு வரும். மோசமான நொடியிலும் எட்டும் இரண்டும் பத்து, தாண்டாது. நிர்வாகப் பாதையை நிறுத்துவதால் தலைமையகத்திலிருந்து உள்ளே நுழைந்து இதைச் செய்யாதீர்கள், உட்கார்ந்த கிளையை வெட்டுகிற வேலையாகிவிடும். கடைத்தெரு அலுவலகத்தில் ரூட்டர் பக்கத்திலேயே இருங்கள். `show ip bgp neighbors 172.20.5.1 advertised-routes` மூன்று வரி காட்டியதும் நிர்வாகத்தையும் கேமராவையும் திரும்ப விடலாம், ஐந்து காட்டும். புது டிவிஷனின் /21 அதற்கப்புறம், டிவிஷன் ரூட்டர் எழுந்து 10.44.64.0/24 அட்டவணையில் தெரிந்த பிறகுதான், ஏனென்றால் உள்ளே ஒன்றாவது இல்லாமல் `aggregate-address` எதையும் அறிவிக்காது.